பெயர் மட்டும்தான் மாறுகிறது என்று சொல்லாதீர்கள்

வெளிநாட்டு நிறுவனத்துக்காக இங்கிருந்து வேலை செய்பவர்களுக்கு, காகிதத்தில் அவர்களுடைய முதலாளியாக இருக்கும் உள்ளூர் நிறுவனமான இஓஆரை மாற்றுகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்தாயிற்று. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எனக்கு எரிச்சல் தந்தது மின்னஞ்சல்கூட இல்லை, அதற்குக் கீழே நம் ஆட்களே எழுதிய பதில்கள். "இஓஆர் கம்பெனி மாறுது, அவ்வளவுதான். பேஸ்லிப்பில் பெயர் மாறும். அதே வேலை, அதே மேனேஜர், அதே சம்பளம். இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

ஏன் என்றால், அந்த மின்னஞ்சலோடு வந்த இரண்டாவது இணைப்பு ஒரு ராஜினாமா கடிதம். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அவர்களே தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் ராஜினாமா எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த ஏற்பாட்டில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு உங்கள் நாட்டில் பதிவு செய்த கிளை கிடையாது. அதனால் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு, சுருக்கமாக இஓஆர், என்ற உள்ளூர் நிறுவனம் ஒன்று காகிதத்தில் உங்கள் முதலாளியாகிறது. சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, பி.எஃப். கட்டுவது, காப்பீடு எடுப்பது எல்லாம் அது. வேலை சொல்வது, லீவு தருவது, உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது எல்லாம் வெளிநாட்டு நிறுவனம். இங்கே இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. உங்களுக்கும் இஓஆருக்கும் இடையே ஒன்று, இஓஆருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் இடையே இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் பார்க்கவே முடியாது. உங்கள் பணத்தைப் பற்றிய பாதி முடிவுகள் அதில்தான் இருக்கின்றன.

இப்போது கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரும் பணிக்கொடையை, எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிரந்தரப் பணியில் இருப்பவருக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கிடைக்கும். கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாத அடிப்படைச் சம்பளம் வரும். ஒருவர் பழைய இஓஆரில் மூன்றரை ஆண்டு இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் பழைய கணக்கு முடிந்தது. புதிய இஓஆரின் நியமனக் கடிதத்தில் சேர்ந்த தேதி அடுத்த மாதம் ஒன்றாம் தேதி. ஐந்தாண்டு அங்கிருந்துதான் ஓடும்.

இதில் என்னை உண்மையிலேயே புண்படுத்துவது வேறு. பல இஓஆர்கள் இந்த கிராஜுவிட்டிக்காக வெளிநாட்டு நிறுவனத்திடம் மாதா மாதம் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் வாங்கி ஒதுக்கி வைக்கின்றன. ஆஃபர் கடிதத்தில் சிடிசி, அதாவது உங்களுக்கான மொத்த ஆண்டுச் செலவு, என்று காட்டிய தொகைக்குள்ளேயே அதைச் சேர்த்தும் விடுகிறார்கள். அதாவது இது உன் சம்பளம் என்று சொல்லி உங்களிடம் காட்டிய பணம். மூன்றரை ஆண்டில் விலகியதாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த ஒதுக்கீடு எங்கே போகிறது? வெளிநாட்டு நிறுவனத்துக்குத் திரும்பலாம், இஓஆரிடமே தங்கலாம். நீங்கள் பார்க்க முடியாத அந்த இரண்டாவது ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும். எப்படியும் உங்களிடம் வராது. அப்புறம் பெயர் மட்டும் மாறுகிறது என்றால் எப்படி?

"யார் சார் ஒரே இடத்தில் அஞ்சு வருஷம் இருக்காங்க" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறார்கள். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி மாறுகிறவர் மாறட்டும். மாறாமல் இருந்தவரை மாறியதாகக் கையெழுத்துப் போடச் சொல்வதுதான் தப்பு.

கிராஜுவிட்டி சின்னத் தொகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் தோழி ஒருத்தியிடமும் இதே மாதிரி இஓஆர் மாற்றத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் அப்போது ஏழாவது மாதம். இந்தியச் சட்டப்படி மகப்பேறு ஊதியம் வேண்டுமென்றால், யாரிடம் கேட்கிறோமோ அந்த முதலாளியின் நிறுவனத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பழைய முதலாளியிடம் அவளுக்கு அந்த 80 நாள் பல மடங்கு இருந்தது. புதியவரிடம் முதல் தேதியிலிருந்து எண்ணினால் பிரசவத்துக்கு முன் 80 வராது. போவது 26 வார ஊதியம். இதைச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேட்டதற்கு "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்று சாட்டில் பதில் வந்தது. எழுத்தில் தாருங்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் அமைதி. வயிற்றில் பிள்ளையோடு ராத்திரி உட்கார்ந்து சட்டப் பிரிவு படித்துக்கொண்டிருந்தாள் அவள். அதே சம்பளம், அதே மேனேஜர் என்று எழுதியவர்கள் அவளிடம் போய் அதைச் சொல்லட்டும்.

சரி, இப்போது என்னிடம் வரப்போகும் கேள்விகள். "இஓஆர் இல்லையென்றால் இந்த வேலையே இல்லை. கிளை தொடங்காத நிறுவனம் சட்டப்படி ஆள் எடுக்க வேறு வழி என்ன?" ஒத்துக்கொள்கிறேன். கான்ட்ராக்டராக இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட இது பாதுகாப்பானது, அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இஓஆரே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? இஓஆரை மாற்றும்போது பழைய பணிக்காலத்தை அழிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"பாதுகாப்பு" என்று எழுதும்போதே என் கதை நினைவுக்கு வருகிறது. நானும் கான்ட்ராக்டராக இருந்து இஓஆருக்கு மாற்றப்பட்டவன்தான். "அதே தொகை" என்றார்கள் அன்றும். எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். மாதம் 5,000 டாலர் இன்வாய்ஸ் போடுகிறவரை அதே 5,000 பட்ஜெட்டில் இஓஆருக்கு மாற்றினால் முதலில் இஓஆர் கட்டணம் போகும், 500 என்று வையுங்கள். மீதி 4,500. முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கு, கட்டாயப் போனஸ் ஒதுக்கீடு எல்லாம் சேர்த்துச் சம்பளத்தில் 20 சதவீதம் என்று வைத்தால் அதுவும் இதற்குள்தான். அப்போது சம்பளம் 3,750, முதலாளி பங்கு 750, கட்டணம் 500. இனி உங்கள் பங்கும் வரியும் அந்த 3,750-லிருந்து பிடிக்கப்படும். 750 பின்னால் ஏதோ ஒரு வடிவில் திரும்பி வரும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 500 அவர்களுடைய நிர்வாகச் செலவு. அதை என் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அதே தொகை என்றால் எப்படி?

இன்னொன்று, முன்பு எனக்கு டாலர் வந்தது. இஓஆர் ஒப்பந்தத்தில் சம்பளம் உள்ளூர்ப் பணத்தில் எழுதப்படும், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். உள்ளூர்ப் பணம் சரிந்தால் முன்பு லாபம் எனக்கு, இப்போது அது வெளிநாட்டு நிறுவனத்துக்கு. இதைப் பற்றி அந்த "அதே தொகை" மின்னஞ்சலில் ஒரு வரி இல்லை. எனக்கும் அன்று "பெயர் மட்டும்தான் மாறுது" என்றுதான் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே இப்போது கோபம் வருவது அதனால்தான்.

அடுத்த கேள்வி: "பழைய இஓஆர் வேறு நிறுவனம், புதியது வேறு. சட்டப்படி பணிக்காலத்தை எப்படிச் சுமந்து வர முடியும்?" முடியும். பழைய இஓஆர், புதிய இஓஆர், ஊழியர் மூவரும் கையெழுத்திடும் பணிமாற்ற ஒப்பந்தம் போடலாம். பழைய சேர்ந்த தேதியை ஏற்கிறோம், மீதி லீவு தொடரும், மறுபடி தகுதிகாண் காலம் கிடையாது, நோட்டீஸ் காலம் பழையபடியே என்று புதியவர் எழுதித் தரலாம். ஒதுக்கி வைத்த கிராஜுவிட்டிப் பணத்தைப் பழையவரிடமிருந்து புதியவருக்கு மாற்றச் சொல்லி வெளிநாட்டு நிறுவனம் கேட்கலாம். ராஜினாமா மலிவு, மேலே சொன்னவற்றுக்கு வேலை செய்ய வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் எப்போதும் காகிதத்து முதலாளியோடு நின்றுவிடுவதும் இல்லை. ஜெர்மனியில் ஆளை இன்னொரு நிறுவனத்துக்கு வேலைக்கு அனுப்புவதற்குத் தனிச் சட்டமே உண்டு. பொது விதிப்படி ஒரே நிறுவனத்திடம் 18 மாதத்துக்கு மேல் அனுப்பக்கூடாது. 9 மாதம் ஆனதும் அங்கே நேரடியாக வேலை செய்பவருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும். தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இவை மாறலாம். ஆனாலும் வேலை வாங்குபவர் யார் என்று அங்கே சட்டம் கேட்கிறது. நம்மில் சிலர் அதைக் கேட்பதே நன்றிகெட்டத்தனம் என்கிறார்கள்.

நன்றி என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் விழுந்தால் நாம் "நம்ம டீம்". ஆண்டு விழாவில் நாம் குடும்பம். பணிக்காலத்தைக் கேட்டால் மட்டும் "டெக்னிக்கலாக நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே" என்ற பதில். என்னிடம் இதை நேரில் சொன்னவரோடு நான் ஆண்டுக்கணக்கில் தினமும் பேசியிருக்கிறேன். அவர் வீட்டுக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்பாக்ஸில் இருவர் பங்கு விருப்பம், அதாவது ஸ்டாக் ஆப்ஷன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது இஓஆர் தருவது இல்லை, வெளிநாட்டுத் தாய் நிறுவனம் நேரடியாகத் தருவது. பல திட்டங்களில் பணி முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பங்குகளை வாங்காவிட்டால், ஏற்கெனவே கைக்கு வந்த வாங்கும் உரிமையும் போய்விடும். ராஜினாமா என்று ஒரு காகிதம் இருக்கும்போது பணி முடிந்ததா, தொடர்கிறதா என்று பின்னால் யாராவது வாதாட இடம் இருக்கிறது. அதனால் தாய் நிறுவனத்திடமிருந்தே "பங்குத் திட்டத்தின்படி உங்கள் பணி தடையின்றித் தொடர்கிறது" என்று ஒரு வரி வாங்குங்கள். இஓஆர் தரும் கடிதம் இதற்குப் போதாது.

என் தோழிக்குக் கடைசியில் கடிதம் வந்தது. பழைய சேர்ந்த தேதி ஏற்கப்படுகிறது, இஓஆர் தராத மகப்பேறு ஊதியத்தை நிறுவனமே தரும் என்று. அவள் கையெழுத்துப் போடாமல் இருந்ததால் மட்டுமே வந்தது. அதே குழுவில் முதல் நாளே போட்டுவிட்டவர்களுக்கு அந்தக் கடிதம் இன்னும் போகவில்லை. கேட்டால், "உங்களுடைய மாற்றம் முடிந்துவிட்டதே" என்கிறார்களாம்.