கால் கிலோவில் இருந்து விலை போடுங்கள்

பலகாரக் கடைகளில் பொதுவாக ஒரு கிலோவின் அடக்கவிலையைக் கணக்கிட்டு, லாபத்தைச் சேர்த்து, வந்த எண்ணைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். பிறகு கால் கிலோ, அரைக் கிலோ, நூறு கிராம் என்று பக்கற் போடும்போதுதான் தலையிடி தொடங்கும். யாழ்ப்பாணத்தில் மிக்சரோ பகோடாவோ முறுக்கோ கிலோவாக வாங்கிப் போகிறவர்கள் குறைவு. வாசலில் நின்று கேட்பது “அண்ணை, கால் கிலோ தாங்கோ” அல்லது “ஒரு நூறு கிராம் போடுங்கோ” என்பதுதான். அதனால் விலை போட வேண்டியது கால் கிலோவுக்கு. கிலோ விலை அதன் நாலு மடங்கு, அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இதில் வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் கடை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மிக்சர் கிலோ 1,730 ரூபா என்று வருகிறது. கால் கிலோ 432 ரூபா 50 சதம். ஐம்பது சதம் யாரிடமும் இல்லை, இரண்டு ரூபாக் குற்றியும் லாச்சியில் கிடக்காது. ஆகவே கடைக்காரர் கால் கிலோவை 430 ஆக்குகிறார். அரைக் கிலோ 865, அதை 870 ஆக்குகிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான முழுமையாக்கல். சேர்த்துப் பார்த்தால் இரண்டு கால் கிலோ 860, ஒரு அரைக் கிலோ 870. பெரிய பக்கற் வாங்குகிறவர் பத்து ரூபா கூடக் கொடுக்கிறார். எங்கள் சனம் இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போதும். அதற்குப் பிறகு அரைக் கிலோ பக்கற் தட்டில் தூங்கும், நீங்கள் கால் கிலோ உறையை இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தப் பிழை வராமல் இருக்க, கிலோ விலை 40 ஆல் மிச்சமில்லாமல் பிரிபட வேண்டும். அப்போது கால் கிலோ பத்து பத்தாக விழும், அரைக் கிலோ இருபது இருபதாக விழும். 1,730 க்குப் பக்கத்தில் 1,720 இருக்கிறது, 1,760 இருக்கிறது. 1,720 என்றால் கால் கிலோ 430, அரைக் கிலோ 860, முக்கால் கிலோ 1,290. சில்லறை தேட வேண்டியதில்லை. கிலோவுக்குப் பத்து ரூபா விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால் 1,760 க்குப் போங்கள், கால் கிலோ 440. இடையில் நிற்கும் 1,730, 1,750 எல்லாம் பலகையில் மட்டும் அழகான எண்கள். 1,750 இல் கால் கிலோ 437 ரூபா 50 சதம்.

நூறு கிராம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகாது. நூறு கிராமும் பத்தில் முடிய வேண்டுமென்றால் கிலோ விலை 200 இன் மடங்காக இருக்க வேண்டும்: 1,600, 1,800, 2,000. 1,800 இல் எல்லாம் சுத்தமாக வரும், 100 கிராம் 180, 250 கிராம் 450, 500 கிராம் 900. ஆனால் எண்ணெய் விலை கொஞ்சம் ஏறும் ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு 200 ரூபா பாய முடியாது. சிலர் இதற்காகக் கால் கிலோவைக் கைவிட்டு 100, 200, 500 என்று பக்கற் போடுகிறார்கள். அப்போது கிலோ விலை நூறின் மடங்காக இருந்தால் போதும். கணக்கில் அது சரி, கடையில் சரிவராது. “கால் கிலோ” என்று கேட்டு வந்தவரிடம் 200 கிராம் பக்கற்றைக் கொடுத்தால், குறைத்துக் கொடுத்ததாகத்தான் அவருக்குப் படும்.

என் அபிப்பிராயம், 40 ஐ வைத்துக்கொண்டு நூறு கிராமை மட்டும் அடுத்த பத்துக்கு ஏற்றிவிடுங்கள். 1,720 இல் நூறு கிராம் 172, பக்கற் விலை 180. இது ஏமாற்று இல்லை. ஒரு கிலோவை நூறு நூறாகப் போட்டால் பத்து உறை, பத்து லேபல், பத்துத் தரம் நிறுத்து வாய் ஒட்ட வேண்டும். அதே கிலோ கால் கிலோவாகப் போனால் நாலு தரம்தான். அந்த எட்டு ரூபா அதற்குரிய கூலி. மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்றே: சிறிய பக்கற் மேல் நோக்கியே முழுமையாக வேண்டும், பெரியது ஒருபோதும் சிறியதைவிடக் கிராமுக்கு விலை கூடக் கூடாது. விலைப் பட்டியலை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு அளவின் விலையையும் பெருக்கி அதன் மேல் அளவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில்லறையாக நிறுத்துக் கொடுப்பது மலிவு, பக்கற் போடுவது செலவு என்ற நம்பிக்கையும் ஒருக்கால் நிறுத்துப் பார்க்க வேண்டியது. பத்துக் கிலோ மிக்சர் ஒரு ரின்னில் இருக்கிறது. கால் கிலோ கேட்டால் கரண்டியால் அள்ளிப் போடுகிற தம்பி 0.255 காட்டினால் திருப்பி எடுக்க மாட்டார், வாங்குகிறவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சராசரி ஆறு கிராம் கூட விழுகிறது என்று வையுங்கள். நாற்பது தரம் கொடுத்தால் 240 கிராம், 1,720 விலைக்கு 413 ரூபா. ரின்னின் அடியில் மிஞ்சும் தூள் தனிக் கணக்கு. இதையே கால் கிலோ பக்கற்றாகப் போட்டால் உறையும் லேபலும் ஒன்றுக்கு 9 ரூபா என்றாலும் நாற்பதுக்கு 360. போடுகிற ஆளின் கூலியைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கால் கிலோ அளவில் சில்லறைக்கும் பக்கற்றுக்கும் ஒரே விலை வைப்பதில் பிழை இல்லை. முறுக்கும் பருத்தித்துறை வடையும் பக்கற்றுக்கே நல்லது. ரின் மூடியைத் திறந்து திறந்து மூட, காற்றுப் பட்டு நமத்துப்போகும். வடை அள்ள அள்ள உடையும்.

தராசையும் பார்க்க வேண்டும். கடைகளில் வழக்கமாக இருக்கும் 30 கிலோ டிஜிற்றல் தராசின் தகட்டில் e = 5g, Min 100g என்று பொறித்திருந்தால், அது ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும், நூறு கிராமுக்குக் கீழே அதை நம்பக் கூடாது என்று அர்த்தம். அதில் 50 என்று காட்டும் பொட்டலம் 47.5 ஆகவும் இருக்கலாம், 52.5 ஆகவும் இருக்கலாம். சின்னப் பக்கற் போடுகிறவர்கள் ஒரு கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் நூறு ரூபாப் பக்கற் என்பது வேறு சாதி. கால் கிலோ பக்கற்றில் எடை நிலையானது, விலைதான் அசையும். நூறு ரூபாப் பக்கற்றில் விலை நிலையானது, எடை அசையும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கையில் நூறு ரூபாத் தாளோடு வருகிறது, எத்தனை கிராம் என்று அது கேட்பதில்லை. உறைக்கும் லேபலுக்கும் 5 ரூபா கழித்தால் மிச்சம் 95. கிலோ 1,720 என்றால் 55 கிராம் போடலாம். கிலோ 1,800 ஆனால் 52 கிராம். இங்கே எண் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, 52 என்று அப்படியே அச்சடியுங்கள். 50 ஆகக் குறைத்தால் உறைக் காசைக் கழித்த பிறகும் கிலோ 1,900 விலைக்குப் போகிறது, அது கூடப்போன எடுப்பு. பெரிய பிழை நடப்பது வேறிடத்தில். 55 கிராம் என்று அச்சடித்த உறை ஆயிரக்கணக்கில் மிஞ்சிக் கிடக்கும், உள்ளே 52 போகும். அது சுத்தமான குறைநிறை. உறையில் எடையை அச்சடிக்காமல் இடம் விட்டு, எடைக்கும் விலைக்கும் திகதிக்கும் சின்ன ஸ்ரிக்கர் ஒட்டினால் இந்தச் சோலி இல்லை. கால் கிலோ பக்கற்றை மட்டும் 230 கிராமாக்கி அதே விலைக்கு விற்க நினைக்காதீர்கள். அதை வாங்குகிறவர் கிலோக் கணக்கில் யோசிக்கிறவர்.

விலை ஒட்டி வெளியே போன பக்கற்றில் பழைய விலையை அழித்து அல்லது அதன் மேல் புது ஸ்ரிக்கர் ஒட்டி ஏற்றுவதும் கூடாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொள்வீர்கள். புது விலை புதுப் போடுகைக்கு மட்டும்.

இனிப்புப் பெட்டிக்கு வந்தால் கணக்கு தலைகீழ். மிக்சரை எந்த எடைக்கும் அள்ளலாம், லட்டை வெட்ட முடியாது. 40 கிராம் லட்டு பன்னிரண்டு போட்டால் 480, பதின்மூன்று போட்டால் 520. அரைக் கிலோ பெட்டியில் இரண்டும் பிழை, பதின்மூன்றாவது பெட்டிக்குள் ஒழுங்காக இருக்கவும் மாட்டாது. ஆகவே பெட்டியைப் பார்த்து லட்டின் எடையை முடிவு செய்ய வேண்டும். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு. ஒன்று 42 கிராம் என்றால் 504. கால் கிலோவுக்கு ஆறு, கிலோவுக்கு இருபத்துநாலு. ஒரே உருண்டை மூன்று பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் மட்டைப் பெட்டிக்குள் லட்டு நாலைந்து நாள் இருந்தால் ஈரம் கொஞ்சம் போகும், ஒரு வீதம் போனாலே 504 இல் ஐந்து கிராம் குறைந்து 499. உருட்டும்போது 43 ஆக உருட்டுங்கள். கைக்குக் கை உருண்டை மாறும் என்பதால் ஒவ்வொன்றாக நிறுக்காமல், பன்னிரண்டைச் சேர்த்து நிறுத்து 516 க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மஸ்கற், தொதல் மாதிரித் தட்டில் ஊற்றி வெட்டுபவற்றில் இதைவிடச் சுகம்: நாலு கிலோத் தட்டை எட்டுக்குப் பத்தாகக் கோடு போட்டால் எண்பது துண்டு, ஒன்று 50 கிராம்.

பெட்டியின் எடை இனிப்பின் விலைக்குப் போகக் கூடாது. மெழுகுத் தாளோடு அரைக் கிலோ பெட்டி 60 கிராம் இருந்தால், கிலோ 2,000 லட்டில் அது 120 ரூபா. பெட்டியைத் தராசில் வைத்து TARE அழுத்தி 0.000 வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். பெட்டிக் காசைக் கிலோ விலைக்குள் கரைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் கால் கிலோப் பெட்டிக்கும் கிலோப் பெட்டிக்கும் விலை நாலு மடங்கு வித்தியாசம் இல்லை. பெட்டிகள் 45, 60, 85 ரூபா என்று வையுங்கள். கால் கிலோ லட்டு 500, பெட்டியோடு 545, அதை 550 ஆக்கலாம். அரைக் கிலோ 1,060. கிலோ 2,085, அதை 2,090 ஆக்கலாம். இரண்டு கால் கிலோ 1,100, இரண்டு அரைக் கிலோ 2,120, பெரியதே மலிவு. பெட்டி வேண்டாம், பையில் போதும் என்பவருக்கு 500 தான்.

கலவைப் பெட்டியில் காசு போவது கண்மதிப்பில். அரைக் கிலோவுக்கு லட்டு நாலு, 40 கிராம் மஸ்கற் நாலு, 30 கிராம் முந்திரி கேக் ஆறு என்று எண்ணிக்கையாக எழுதி, நிரப்புகிறவரின் கண்ணுக்கு நேரே ஒட்டிவிடுங்கள். கிலோ 1,600 மஸ்கற் ஒரு துண்டு 64 ரூபா, கிலோ 4,000 முந்திரி கேக் ஒரு துண்டு 120 ரூபா. இடைவெளி தெரிகிறதென்று இரண்டு மஸ்கற்றை எடுத்து இரண்டு முந்திரி வைத்தால், எடை இருபது கிராம் குறைந்தும் பெட்டிக்கு 112 ரூபா நட்டம்.