ஊர்ப்பெயரைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போமா?

'திரு'வில் தொடங்கும் ஊர் என்றாலே "கோயிலைக் கட்டி உருவாக்கிய ஊர்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'திரு' பெரும்பாலும் ஊர் பிறந்த கதையைச் சொல்வதில்லை. ஏற்கெனவே இருந்த ஊருக்குப் பிற்பாடு கிடைத்த மரியாதை அது.

சோதிப்பது சுலபம். திருவாரூரில் திருவை எடுங்கள், ஆரூர் நிற்கும். திருவையாற்றில் ஐயாறு நிற்கும். தேவாரத்திலேயே ஆரூர், ஐயாறு என்று வெறும் பெயராகவும் பாடியிருக்கிறார்கள். சரி, பட்டுக்கோட்டையில் கோட்டையை எடுத்தால்? 'பட்டு' என்று ஓர் ஊர் மிஞ்சுவதில்லை. பேட்டையும் கோட்டையும் (இவை பெயரின் வாலில் வருபவை) மரியாதைச் சொற்கள் அல்ல. அங்கே ஒருவர் வந்து ஒரு காரியம் செய்தார் என்பதற்கான அடையாளம்.

சிந்தாதிரிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் இருந்த ஒரு தோட்டத்தை எடுத்து, நூல் நூற்பவர்களையும் நெசவாளர்களையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 'சின்னத் தறிப் பேட்டை'தான் இப்படி மருவியது என்பார்கள். பேட்டை என்றாலே இப்படித்தான்: கோட்டைக்கோ பழைய ஊருக்கோ வெளியே, தொழிலுக்காகவோ சந்தைக்காகவோ ஏற்படுத்திய குடியிருப்பு. வண்ணாரப்பேட்டை யாருக்காக ஏற்பட்டது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

கோட்டையில்தான் எனக்குப் பிடித்த சிக்கல் இருக்கிறது. திருமயத்தில் குன்றின் மேல் 17ஆம் நூற்றாண்டுச் சேதுபதி கோட்டை கண்ணுக்கு நேராக நிற்கிறது. ஆனால் ஊர்ப்பெயரில் கோட்டை இல்லை! ஏனென்றால் கோட்டை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது 'மெய்யம்'. திருமங்கையாழ்வார் பாடிய ஊர். பெயர் உள்ள ஊருக்குக் கோட்டை வந்தால் பெயர் அசைவதில்லை. பக்கத்திலேயே புதுக்கோட்டையில் தொண்டைமான்களின் தலைநகரம் கோட்டைப் பெயரிலேயே வளர்ந்தது. அதே நகரத்துக்குள் திருக்கோகர்ணம் இருக்கிறது, கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த குடைவரைக் கோயிலோடு. 'புது' என்ற சொல் ஊரின் மொத்த வயதைச் சொல்லவில்லை, கோட்டையின் வயதை மட்டும் சொல்கிறது. ஆகவே கோட்டை என்று முடிந்தால் அதற்கு முன்னால் அங்கே ஊரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுற்றிலும் பழைய கோயில் இருக்கிறதா, அந்தப் பகுதிக்குத் தனிப்பெயர் உண்டா என்று பாருங்கள்.

அப்புறம், பேட்டை பழங்காலத்துச் சொல் என்று நினைக்க வேண்டாம். கிண்டியில் மனை அளந்து பட்டறைகளை வரவழைத்த இடத்துக்கு நாம் வைத்த பெயர் என்ன? தொழிற்பேட்டை. பிட் செய்த அதே வேலை, நூலுக்குப் பதில் இரும்பு.