அம்மா எந்தப் பக்கத்தில் வர வேண்டும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி இரண்டு கோப்புகளோடு ஹற்றனில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்று, நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பில். படிக்கக் கொடுத்த ஆய்வு முன்மொழிவு. மற்றது, வெளிநாட்டில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு எழுதி வைத்திருந்த சுயவிளக்கக் கட்டுரை. முதலாவதைப் பேராசிரியர்கள் நால்வர் இருந்த குழு, திருத்திக்கொண்டு வரச் சொல்லித் திருப்பியிருந்தது. இரண்டாவதை அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பந்தி இரண்டிலும் ஒன்றேதான். அவள் எழுதியது ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பனியில் நனைந்து, தலையில் கூடையோடு மலையேறும் என் தாயின் கண்ணீரே இந்த ஆய்வின் தொடக்கம். தேயிலைத் தோட்டங்களின் எடைக் கணக்கை மாற்றியமைப்பதே என் இலட்சியம். இந்த ஏழை மாணவிக்கு ஒரு வாய்ப்புத் தருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.”

நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களில் இந்தப் பந்தியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். இது எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதிலிருந்து, அதைத் திருப்பித் தந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நம் தாத்தா பாட்டிமார் மனு எழுதியே காலம் தள்ளினார்கள். பதிவுக்கு மனு, பிறப்புச் சான்றிதழுக்கு மனு, லயத்துக் கூரை ஒழுகினால் துரைக்கு மனு. மேலே இருப்பவருக்கு எழுதுவது என்றாலே கஷ்டத்தைச் சொல்லிக் கை கூப்புவதுதான் என்று நம் கைக்குப் பழகிவிட்டது. அதனால் மூத்த பேராசிரியர்களுக்கு எழுதுகிறோம் என்றதும் பிள்ளைகள் பணிவைக் கூட்டுகிறார்கள். இளம் வயதினர் இருக்கும் சேர்க்கைக் குழு என்றால் பணிவைக் கொஞ்சம் குறைத்துக் கனவைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பதுதான் என் கருத்து.

அவளிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டேன். கேட்டதும் எனக்கே வியப்பாகிவிட்டது. இளமாணிப் பட்டத்தின் இறுதி வருடத்தில் அவள் தன் தோட்டத்தின் மேல்கணக்கு என்ற பிரிவில் 14 பெண்களோடு 24 வேலைநாட்கள் மலைக்குப் போயிருக்கிறாள். தோட்டத்தார் நிறுத்துப் பதியும் மடுவத்துக்குக் கொழுந்து போவதற்கு முன் ஒரு கைத்தராசில் மூட்டையை நிறுத்து எழுதிக்கொண்டாள். பிறகு மடுவத்தில் பதிந்த எடையைப் பார்த்து எழுதினாள். சாக்கு எடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ கழிந்திருக்கிறது. இதில் முக்கியமான விஷயம், மழைநாளிலும் வெயில்நாளிலும் கழிந்தது ஏறக்குறைய ஒரே அளவு. ஈரத்துக்காகத்தான் கழிக்கிறார்கள் என்றால் வெயில்நாளில் குறைந்திருக்க வேண்டுமே!

இந்த விஷயம் முன்மொழிவில் ஏழாவது பக்கத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. முதல் பக்கம் முழுக்கக் கண்ணீர்.

பேராசிரியர்கள் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் என்னைத் தாக்கினாங்க மிஸ்” என்றாள். ஒருவர், எத்தனை தோட்டம் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், உன் தராசு சரியானது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். மூன்றாமவர், நனைந்த இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரைத் தொழிற்சாலை தேயிலையாக விற்க முடியாதே, அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்த்தாயா என்றாராம். கடைசியாக மூத்தவர், இதை முன்னர் யாரும் செய்திருக்கிறார்களா என்று கேட்க, “இல்லை சேர், யாரும் செய்யவில்லை” என்று சொல்லியிருக்கிறாள். அதோடு நேர்முகம் முடிந்துவிட்டது.

அது தாக்குதல் இல்லை. முப்பது வருடம் ஆய்வேடுகளைத் திருத்தியவர்கள் ஒரு முன்மொழிவைத் திறந்தால், இந்தப் பிள்ளை தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். “எடைக் கணக்கை மாற்றியமைப்பேன்” என்ற வாக்கியம் அவர்கள் காதில் ஆர்வமாகக் கேட்காது. ஒரு தோட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் பார்த்துவிட்டு இலங்கை முழுவதற்கும் பேசுவதாகக் கேட்கும். “யாரும் செய்யவில்லை” என்பதும் அப்படித்தான். அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரே செய்திருக்கலாம், அவருடைய மாணவர் செய்திருக்கலாம். “எங்கள் நூலகத்திலும் துறையின் பழைய ஆய்வேடுகளிலும் தேடினேன் சேர், கூலியைப் பற்றி இருக்கிறது, நிறுவையைப் பற்றி எனக்குக் கிடைக்கவில்லை” என்று சொல்லியிருந்தால் அதே மனிதர் தனக்குத் தெரிந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தத் தலைமுறைப் பேராசிரியர்களிடம் நான் படித்திருக்கிறேன். அவர்களுக்கு முன் மரியாதை என்பது, நமக்கு முன் உழைத்தவர்களின் வேலையைத் தேடிப் படித்து, பெயரைச் சரியாகச் சொல்வது. “பெருமதிப்புக்குரிய” என்று நான்கு தடவை எழுதுவதால் அது வராது.

ஆக, முன்மொழிவின் முதல் பந்தியை இப்படி மாற்றினோம்: “மத்திய மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் ஒரு பிரிவில், 14 தொழிலாளரிடம் 24 வேலைநாட்கள் எடுத்த எடைப் பதிவுகளில், ஈரத்துக்கான கழிவு மழையைப் பொறுத்துப் பெரிதாக மாறவில்லை. இது அந்தப் பிரிவின் வழக்கம் மட்டுமா, வேறு தோட்டங்களிலும் காணப்படுவதா என்பதை இந்த ஆய்வு பரிசோதிக்கும்.” இதில் கெஞ்சலும் இல்லை, வீறாப்பும் இல்லை. கண்டதை உறுதியாகச் சொல்கிறாள், காணாததைக் கேள்வியாக விடுகிறாள். “இருக்கலாம்”, “கருதப்படுகிறது” என்று எல்லா வரியிலும் தயங்கத் தேவையில்லை. அவள் கையால் நிறுத்தது நிறுத்ததுதான். தயக்கம் வர வேண்டியது, அந்த மேல்கணக்கைத் தாண்டிப் பேசும் இடத்தில் மட்டும்.

சரி, அம்மாவை என்ன செய்வது? அவள் முகம் வாடிப்போனது இந்த இடத்தில்தான். “அம்மாவை வெட்டிரணுமா மிஸ்?”

வெட்டவில்லை, இடம் மாற்றினோம். ஆய்வு முறையைச் சொல்லும் பகுதியில் இப்படி எழுதினாள்: “ஆய்வாளரின் தாயார் இதே பிரிவில் கொழுந்து பறிப்பவர். இதனால் பதிவுகளில் சார்பு ஏற்படக்கூடும் என்பதால், தாயாரின் நிறுவைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.” அவள் முன்பே அப்படித்தான் செய்திருந்தாள். அம்மாவோடு சேர்த்தால் 15 பேர், ஆனால் நேர்மைக்காக 14 என்று வைத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. மூத்த குழுவுக்கு அந்த ஒரு வரி, முதல் பக்கத்துக் கண்ணீரை விடப் பல மடங்கு பேசும்.

வெளிநாட்டுக் கட்டுரை வேறு மாதிரி. அங்கே முதலில் வாசிப்பவர்கள் சேர்க்கை அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞர்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வுப் படிப்புகளுக்கு அங்கேயும் பேராசிரியர்கள்தான் வாசிக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். மேற்பார்வையாளர் பெயரையும் ஆய்வுத் தலைப்பையும் கேட்டால் துறைப் பேராசிரியர் பார்க்கப் போகிறார். “நீங்கள் ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்”, “ஏன் இந்தப் படிப்பு” என்று கேட்டு 500 சொல்லோடு நிறுத்தச் சொன்னால் பெரும்பாலும் சேர்க்கைக் குழுதான். இவளுடையது இரண்டாவது வகை.

இவர்களுக்குக் கொழுந்து நிறுவை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு நாளில் பல கட்டுரைகளை வாசிப்பார்கள். இந்த ஆள் என்ன செய்தாள், ஏன் செய்தாள், எங்கள் படிப்பை வைத்து அடுத்து என்ன செய்வாள் என்பது முதல் சில வரிகளிலேயே தெரிய வேண்டும். பேராசிரியர்களுக்கு எழுதிய பந்தியை அப்படியே அனுப்பினால் அதில் ஆளே இருக்காது. பதிவுகள் காட்டுகின்றன, ஆய்வு பரிசோதிக்கும், ஆனால் தராசைத் தூக்கிக்கொண்டு மலையேறியது யார்?

அதனால் இதில் “நான்” முன்னால் வந்தது. “கடைக்காரர் ஒருவரிடம் கைத்தராசு இரவல் வாங்கி, 24 நாட்கள் அம்மாவோடு மலைக்குப் போனேன். அம்மா மூட்டையை இறக்கியதும் நான் நிறுப்பேன், பிறகு மடுவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன். வெயில் அடித்த நாளிலும் ஈரத்துக்கென்று கழித்தார்கள். என் கொப்பியில் எண்கள் இருந்தன, ஆனால் அது தற்செயலா இல்லையா என்று நிரூபிக்க எனக்குப் புள்ளிவிபரவியல் போதவில்லை.” அதற்கு அடுத்த வரியிலேயே, அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தில் இருக்கும் மாதிரியெடுப்புப் பாடத்தைப் பெயர் சொல்லி, அது தனக்கு எதற்கு என்று எழுதினாள். இங்கே அம்மா முதல் வரியிலேயே இருக்கிறார், அழாமல். மூட்டையை இறக்குகிறார், அவ்வளவுதான். “ஏழை மாணவி” என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னேன். இரவல் தராசு அதைச் சொல்லிவிடுகிறது.

கூப்பிடும் முறையிலும் கொஞ்சம் தடுமாறினாள். அந்தக் குழுவில் ஒரு பெண் மின்னஞ்சலில் தன் முதற்பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திடுகிறாள். இவள் பதிலுக்கு “மதிப்புக்குரிய மேடம்” என்று எழுதுகிறாள். அந்தப் பக்கம் எப்படிக் கையெழுத்திடுகிறார்களோ அப்படியே கூப்பிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்றேன். வீடியோ அழைப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது என்றாள். அப்படியானால் பெயரே வேண்டாம், “நீங்கள் கேட்டதற்கு” என்று தொடங்கு மகள் என்றேன். இங்கே நம் பேராசிரியர்கள் முன் “சேர்”, “மேடம்” இல்லாமல் பேசக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது அந்த அறையின் வழக்கம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று தரம் போட்டால் பதில் காணாமல் போய்விடும்.

இப்படி இரண்டு விதமாக எழுதுவது பொய் இல்லையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு கோப்பிலும் இருப்பது அதே 14 பேர், அதே 24 நாட்கள், அதே கழிவுதான். வெளிநாட்டுக்குப் போவதில் எண்ணைக் கூட்டியிருந்தாலோ, இங்கே கொடுப்பதில் அம்மாவை மறைத்திருந்தாலோ நானே அனுப்ப விட்டிருக்க மாட்டேன்.

பேராசிரியர் குழுவின் இரண்டாவது நேர்முகம் அடுத்த மாதம். எந்தெந்த நாள் எவ்வளவு மழை என்று இவள் கொப்பியில் “மழை”, “வெயில்” என்றுதான் குறித்திருக்கிறாள், அளவு இல்லை. நிச்சயம் கேட்பார்கள். தோட்டத்து ஆபீசில் மழைமானிப் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்க்க அனுமதி கேட்டுத் துரைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நேற்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். யார், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எதற்காக, எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று ஐந்து வரி. கையெழுத்துக்கு மேலே “நன்றி” என்று மட்டும் இருந்தது.