1818 ராமர் காசு கம்பெனி நாணயமா?

"கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் அடித்த ராமர் பட்டாபிஷேக ஒரு அணா. பல லட்சம் போகும்." பெங்களூரு அல்சூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

அது நாணயமே அல்ல, பிற்காலத்தில் செய்த வில்லை. சாமி உருவம் இருப்பதால் சொல்லவில்லை. மதராஸில் கம்பெனி அடித்த வராகனிலேயே பெருமாள் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான ஒரு அணா நாணயம் 1907இல்தான் வந்தது. அதுவும் வெறும் செம்பு அல்ல, செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல்.

சரி, விற்பதானால் எப்படி எழுதுவது? "ராமர் வில்லை, 1818 எனப் பொறித்தது, பிற்காலத் தயாரிப்பு, நாணயம் அல்ல" என்று எழுதுங்கள். 'பொறித்தது' முக்கியம், ஆண்டுக்கு நீங்கள் சாட்சி சொல்லவில்லை. தேய்மானத்தை வைத்துத் தரம் போட வேண்டாம்: இவற்றைத் தேய்த்தும் கறுக்க வைத்தும் விற்கிறார்கள். விலை, அலங்காரப் பொருளுக்கானதுதான்.

பழைய காசு வாங்க விற்க ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி யாருக்கும் அனுமதி தரவில்லை என்று வங்கியே 2021இல் அறிவித்தது.