காணாமல் போன மெழுகுவர்த்திகள்: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பிறந்தநாள்

தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நான்கு நண்பர்களை மட்டும் அழைக்கிறீர்கள் என்றால், இசை நாற்காலியை விட்டுவிடுங்கள். ஐவர் ஆடும்போது இரண்டாம் சுற்று முடிவதற்குள் இருவர் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சிறிய கூடத்தில் அவர்களுக்கு வேறு வேலையும் இருக்காது. ஆட்கள் குறைவாக இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து ஒரே மர்மத்தைத் துப்பறிவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. வீவக வீட்டுக்குள்ளேயே அதை நடத்தலாம், செலவும் கேக்கோடு முடிந்துவிடும்.

கதை எளிது: கேக்கில் ஏற்ற வேண்டிய ஏழு மெழுகுவர்த்திகளைக் காணவில்லை. கேக்கையே ஒளித்துவைக்கலாமே என்று தோன்றும், ஆனால் நம் ஊர் வெக்கையில் கிரீம் உருகிவிடும் என்பதால் அது குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வந்தவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் துப்பறிவாளர் அட்டை செய்யச் சொல்லுங்கள். பென்சிலைத் தாளில் அழுத்தித் தேய்த்து, அந்தக் கரியில் விரலை ஒற்றி, செலோடேப்பால் எடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டினால் கைரேகை தெளிவாகப் பதியும். தாமதமாக வருபவருக்காக மற்றவர்கள் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை.

குறிப்புகள் ஐந்து போதும், ஆளுக்கு ஒன்று. அதை யார் திறப்பது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேகமாக வாசிக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மாய எழுத்து. கெட்டியான ஓவியத் தாளில் வெள்ளை கிரேயானால் “காலணி அலமாரி” என்று பெரிதாக எழுதிவையுங்கள். அதன்மேல் நீர் நிறையக் கலந்த நீர்வண்ணத்தைத் தடவினால், மெழுகில் நீர் ஒட்டாததால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். வண்ணம் திக்காக இருந்தால் எழுத்தும் மூடிப்போகும். அச்சுத் தாள் என்றால் நனைந்து கிழியும். எழுதியதும் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கோடுகள் மினுங்கவில்லையென்றால் இன்னும் அழுத்தி எழுத வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடுகாட்டும் பழைய முறையை இந்த வயதினருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த குறிப்பை இடவலம் மாறித் தெரியும் கண்ணாடி எழுத்தில் எழுதலாம். குளியலறைக் கண்ணாடி முன் எல்லாரும் கூடிவிடுவார்கள். இன்னொன்று, ஐந்து துண்டுகளாக வெட்டிய வீட்டுப் படமாக இருக்கட்டும். ஒருவர் கையில் உள்ள துண்டு இல்லாமல் படம் நிறைவுபெறாது என்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். மீதி இரண்டுக்கு எளிய விடுகதைகளே போதும்.

எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும். கடைசிக் குறிப்பு மெழுகுவர்த்திகளிடம் கொண்டுபோய் விட்டதும் உடனே கேக் வெட்டுங்கள். அந்த உற்சாகம் ஆறுவதற்குள் செய்வது நல்லது. உணவைப் பொறுத்தவரை ஹலால், சைவம், கடலை ஒவ்வாமை ஆகியவற்றைப் பெற்றோரிடம் அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். தனியாக அன்பளிப்புப் பை வாங்க வேண்டியதில்லை, கைரேகை அட்டையையும் ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொடுத்தனுப்பினாலே போதும்.