மூன்று மணி நேரம் கடை மூடிய கதையை எப்படி ஸ்லைடில் சொல்வது?

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் ஆன்லைன் ஆர்டர் தளத்தை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு முன் ஒரு காலையில் தளம் படுத்துவிட்டது. எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி. மறுநாள் நடந்ததை விளக்க எங்கள் குழுத் தம்பி ஒருவன் தயாரித்த ஸ்லைடுகளில் காலவரிசைக்கு மூன்றே வரி: 00:12 காலாவதி, 8:05 வாடிக்கையாளர் அழைப்பு, 9:06 சரியானது. பார்த்தால் ஒன்பது மணி நேரத் தடை போலத் தெரிகிறது. முதல் நேரம் சர்வர் லாகிலிருந்து எடுத்த யுடிசி, மற்றவை வாட்ஸப்பில் இருந்த நம் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலாவதியானது 5:42. உண்மையான தடை 3 மணி 24 நிமிடம்.

அதைவிட எனக்கு உறுத்தியது, 8:05க்கும் 9:06க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கேட்டால் தயங்கினான். சர்வரில் சான்றிதழ் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். இன்னும் 60 நாள் பாக்கி என்று இருந்திருக்கிறது. வாடிக்கையாளர் போனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி முக்கால் மணி நேரம் அலைந்திருக்கிறான். கடைசியில் தன் போனிலேயே திறந்தபோதுதான் சிவப்பு எச்சரிக்கை. இதுதான் ஸ்லைடில் வர வேண்டிய வரி! கோப்பு புதுசு, ஆனால் வெப் சர்வர் நினைவில் வைத்திருந்தது பழசு. 90 நாள் சான்றிதழை, தானாகப் புதுப்பிக்கும் கருவியான `certbot` 30 நாள் முன்பே புதுப்பித்துவிட்டது. சர்வரை ரீலோட் செய்யத்தான் யாருமில்லை. தவறாகப் போன வழியை வெட்டிவிட்டால் காரணமும் சேர்ந்து போய்விடுகிறது.

காரணத்துக்கு அவன் எழுதியது 'ரீலோட் மறந்தது'. அப்படியானால் முந்தைய தடவைகளில் எப்படித் தப்பித்தோம்? வாராவாரம் ஏதாவது மாற்றம் செய்து ரீலோட் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை பண்டிகை ஆர்டர் என்று ஒரு மாதமாகச் சர்வரில் கை வைக்கவில்லை. பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடே ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது.

கடை ஆச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: "எனக்கு எட்டு மணிக்குத் தெரிஞ்சது, ஒங்களுக்கு ஏன் அதுக்கு முன்னாடியே தெரியல?" எங்கள் கண்காணிப்பு, சான்றிதழே தேவைப்படாத 80ஆம் போர்ட்டைத் தட்டி, 301 பதில் வந்ததும் 'நலம்' என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. 204 நிமிடத்தில் 143 நிமிடம் எங்களுக்கே தெரியாமல் போனவை. அதனால் தீர்வு ஸ்லைடில் முதலில் வர வேண்டியது ரீலோட் அல்ல. வெளியிலிருந்து, சான்றிதழ் பரிமாறப்படும் 443ஆம் போர்ட்டைத் தொட்டு, அதன் தேதியைப் பார்த்து, 14 நாள் இருக்கும்போதே அலறும் எச்சரிக்கை. ரீலோட் அதற்கு அடுத்து, `/etc/letsencrypt/renewal-hooks/deploy/` அடைவில் இயங்கக்கூடிய ஒரு ஸ்கிரிப்டாக:

```
#!/bin/sh
systemctl reload nginx
```

'சோதித்தாயிற்று' என்று போட்டிருந்தான். எதை வைத்து? `certbot renew --dry-run`. அது வெறும் ஒத்திகை, வழக்கமாக இந்த ஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, ஒருமுறை நிஜமாகவே புதுப்பித்து, வெளியிலிருந்து தேதி மாறியதா என்று பார்க்கச் சொன்னேன். பொறுப்பு அவன் பெயரில், வெள்ளிக்கிழமைக்குள்.