ETA 9/10 ஆம். எங்கே வந்து சேருமாம்?

சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடை. சென்னையிலிருந்து தீபாவளிச் சரக்கு வரவேண்டும். சரக்கைக் கையாளும் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி விழுகிறது. எப்படி இருக்கும் தெரியுமா? இப்படித்தான்:

```
FYI. ETA 9/10. DO TBC. BL/PL/INV EOD. TQ.
```

இது என்ன, கார் நம்பரா? ஒரு முழு வார்த்தை இல்லை. ஒரு வினைச்சொல் இல்லை. யார் என்ன செய்யவேண்டும் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அனுப்பியவருக்கு வேலை முடிந்துவிட்டது. ‘நான் அன்றைக்கே மெசேஜ் போட்டேனே’ என்று பிறகு காட்டுவதற்கு ஒரு நீல டிக் போதும். தண்டம் கட்டுவது வாசித்தவர்தான்.

ஒவ்வொன்றாகப் பிரிப்போம். முதலில் அந்த FYI. ‘உங்கள் தகவலுக்காக’ என்பதுதான் அதன் பொருள். அதாவது தெரிந்துகொண்டால் போதும், ஒன்றும் செய்யவேண்டாம். தினம் இருபது FYI வாங்குகிற மனிதர் அதைப் பார்த்ததும் மனசுக்குள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் புடவை விரிக்கப் போய்விடுவார். அப்படிப் போவதுதான் நியாயம். ஆனால் அதே செய்தியின் கடைசியில் மூன்று ஆவணங்களை இன்றைக்குள் அனுப்பச் சொல்லி ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது! தகவல் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே வேலையை வைத்தால் அந்த வேலை நடக்காது. வாசிப்பவர் கையை அசைக்க வேண்டியிருந்தால் FYI போடாதீர்கள். ‘நீங்கள் அனுப்பவேண்டியது’ என்று தொடங்குங்கள். உண்மையிலேயே ஒன்றும் செய்யவேண்டாம் என்றால் அதையும் ‘நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை’ என்று நான்கு சொல்லில் எழுதிவிடலாம்.

அடுத்து ETA. என் வயிற்றெரிச்சல் முழுக்க இதன்மேல்தான்.

எஸ்டிமேட்டட் டைம் ஆஃப் அரைவல், வந்து சேரும் உத்தேச நேரம். எல்லாருக்கும் தெரியும், யார் இல்லை என்றார்கள்? விரித்து எழுதினால்கூட இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: எது வந்து சேரும், எங்கே வந்து சேரும்? கப்பல் பிரிவில் இருப்பவருக்கு ETA என்றால் கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு, பெரும்பாலும் கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறும் இடத்துக்கு, வரும் நேரம். சரக்கு இறக்கும் துறைமுக மேடையில் கப்பலைக் கட்டும் நேரத்துக்கு அவர்களே ETB என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் வந்த கப்பல் உடனே மேடையைப் பிடிக்கும் என்று சொல்லமுடியாது. நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கலாம். லாரி ஓட்டுநருக்கோ ETA என்றால் கடை வாசலில் வண்டி நிற்கும் நேரம். கடைக்காரருக்கும் அதேதான். ஒரே மூன்று எழுத்து, இரண்டு இடம், நடுவே பல நாள்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. செய்தி அக்டோபர் 6, திங்களன்று வருகிறது என்று வையுங்கள். கடைக்காரர் 9/10 என்பதை வியாழக்கிழமை என்று எடுத்துக்கொள்கிறார். (சென்னைப் பக்கமும் நாள் முதலில், மாதம் பிறகு என்பதால் இதில் தப்பித்தார். அமெரிக்க முறையில் தேதி போடும் மென்பொருளிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால் இதே நாள் 10/9 என்று வந்திருக்கும், அவர் செப்டம்பர் பத்து முடிந்துபோன கதையாயிற்றே என்று தலையைச் சொறிந்திருப்பார். மாதத்தை எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?) வியாழனுக்கு இரண்டு பகுதிநேர ஆட்களை வரச் சொல்கிறார். பின்கட்டைக் காலி செய்கிறார்.

வியாழன் மாலை கப்பல் வருகிறது. ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை, ETA சரிதான். வெள்ளி இரவு மேடையில் கட்டுகிறது. சனிக்கிழமை கன்டெய்னர் இறங்குகிறது. இந்தக் கடையின் சரக்கு பன்னிரண்டு அட்டைப்பெட்டிதான், முழுக் கன்டெய்னர் இல்லை. பல பேர் சரக்கோடு சேர்ந்து வருவது. ஆகவே கன்டெய்னர் கிடங்குக்குப் போய், அங்கே பிரித்து, அவரவர் பெட்டியை ஒதுக்கியபின்தான் யாரும் தொடமுடியும். அது திங்கள் 13 என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி பெர்மிட் கையில் இருந்தால் செவ்வாய் 14-ஆம் தேதி லாரி கடைக்கு வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தே ஐந்து நாள் வித்தியாசம். கப்பல் தாமதமாகவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. எந்த இடம் என்று எழுதாதது மட்டும்தான் பிசகு.

‘ETA’ என்பதில் முதல் எழுத்து உத்தேசம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உத்தேசம் மாறும். வாரத்தில் மூன்று முறை மாறினால் மூன்று செய்தி வரும், பழைய செய்தியை யாரோ குடும்பக் குழுவில் பகிர்ந்திருப்பார்கள். எது புதியது? ‘6 அக்டோபர் காலை 10 மணி நிலவரம்’ என்று பக்கத்தில் போட்டால் சண்டையே இல்லை.

DO-வுக்கு வருவோம். இது இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு பக்கமும் ‘எனக்குத் தெரியும்’ என்று நம்புவார்கள். இரண்டுக்கும் விரிவு டெலிவரி ஆர்டர்தான். ஏஜென்ட் சொல்லும் DO, சரக்கை இன்னாரிடம் விடுவிக்கலாம் என்று கப்பல் நிறுவனத் தரப்பு கொடுக்கும் அனுமதி. கடைக்காரர் அறிந்த DO, லாரி அங்கிள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் தாள். TBC என்பது ‘இன்னும் உறுதியாகவில்லை’. ஆக ‘DO TBC’ என்றால் ஏஜென்ட் சொல்வது: விடுவிப்பு இன்னும் கிடைக்கவில்லை. கடைக்காரர் கேட்பது: லாரி நேரம் இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். முன்னது பிரச்சினை, பின்னது வழக்கம். இந்த இடத்தில் விரித்து எழுதினாலும் பயனில்லை என்பதைக் கவனியுங்கள், விரிவும் ஒன்றே. என்ன நடக்கவேண்டும் என்று நடப்பைச் சொல்லவேண்டும்: ‘கப்பல் கம்பெனி இன்னும் சரக்கை விடவில்லை.’

BL, PL, INV மூன்றும் முறையே கப்பல் ரசீது, எந்தப் பெட்டியில் என்ன என்ற பட்டியல், விலைப் பட்டியல். கடையில் இந்தச் செய்தியைக் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் காட்டினால் PL என்றதும் லாபநட்டக் கணக்கைத் தேடப் போவார். இவை இல்லாமல் டிரேட்நெட்டில் பெர்மிட்டுக்கு ஒழுங்காக விண்ணப்பிக்க முடியாது. சரக்கின் மதிப்பு தெரிந்தால்தான் 9 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கிட முடியும். பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஆவணங்களில் ஒத்துப்போகவேண்டும். பெர்மிட் இல்லையென்றால் செவ்வாய் லாரி வராது. பெட்டி கிடங்கிலேயே இருக்கும், இலவச நாட்கள் தீர்ந்ததும் வாடகை ஏற ஆரம்பிக்கும்.

கடைசியாக EOD, நாள் முடிவதற்குள். யாருடைய நாள்? பெட்டிப் பட்டியல் இருப்பது சென்னை ஏற்றுமதியாளரிடம். கடைக்காரர் இதே எழுத்துகளை அப்படியே அங்கே தள்ளிவிடுகிறார். சென்னையில் கடை மூடும் மாலை 6 மணி என்பது இங்கே இரவு 8.30. அவர் சொன்ன சொல் தவறாமல் 5.50-க்கு அனுப்புகிறார். இங்கே 8.20, ஏஜென்ட் அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போய் இரண்டு மணி நேரம். ஒரு நாள் போயிற்று. ‘சிங்கப்பூர் நேரம் மாலை 5’ என்று எழுதியிருந்தால் சென்னைக்காரர் பிற்பகல் 2.30 என்று கணக்குப் பண்ணியிருப்பார்.

உடனே ‘அப்போ எல்லாத்தையும் விரிச்சு எழுதணுமா?’ என்று குதிக்காதீர்கள். எம்ஆர்டி, எச்டிபி, சிபிஎஃப், எம்சி இவற்றை விரித்து எழுதினால் நம் ஊரில் வாசிப்பவருக்குத்தான் குழப்பம். சுருக்கமே பெயராகிவிட்டது. கப்பல் பிரிவில் இரண்டு பேர் தங்களுக்குள் ETA, ETB என்று பேசினால் அது தெளிவான பேச்சு, வேகமும்கூட. செய்தி அந்த அறையைத் தாண்டும்போதுதான் சிக்கல். KIV-யைப் பாருங்கள். இங்கேயும் மலேசியாவிலும் ‘கீப் இன் வியூ’, இப்போதைக்கு முடிவெடுக்காமல் வைத்திரு என்று அலுவலகத்தில் பலருக்கும் புரியும். சென்னைக்கு அனுப்பிப் பாருங்கள், அது ஏதோ வங்கி ஆவணம் என்று நினைத்துக் கேட்பார்கள்.

‘முதல் தடவை விரித்து எழுது, பிறகு சுருக்கிக்கொள்’ என்று சொல்லிக்கொடுப்பார்களே, அது அறிக்கைக்கும் நீண்ட மெயிலுக்கும் சரி. வாட்ஸ்அப்பில் செல்லாது. முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன், நூறு செய்திக்கு மேலே இருக்கிறது. பகிரும்போது கடைசிச் செய்தி மட்டும்தான் போகும். ஒவ்வொரு செய்தியும் தனியாக நின்றே புரியவேண்டும். குறிப்பாக நேரம், பணம், அடுத்தவர் செய்யவேண்டிய வேலை இந்த மூன்றில் ஒன்று இருந்தால் சுருக்கெழுத்தைத் தொடாதீர்கள்.

மேலே உள்ள செய்தியை மனிதர் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

‘அண்ணே, கப்பல் ரசீது, பெட்டிப் பட்டியல், விலைப் பட்டியல் மூன்றையும் இன்று சிங்கப்பூர் நேரம் மாலை 5-க்குள் அனுப்புங்கள், பெர்மிட் எடுக்கவேண்டும். கப்பல் 9 அக்டோபர் வியாழன் சிங்கப்பூர் வருகிறது (6 அக்டோபர் காலை நிலவரம்). பெட்டிகள் உங்கள் கடைக்கு வர 14-ஆம் தேதி செவ்வாய் ஆகலாம். கப்பல் கம்பெனி இன்னும் சரக்கை விடவில்லை, விட்டதும் சொல்கிறேன். நன்றி.’

தட்ட ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. வேலை முதலில், தகவல் பிறகு. பகுதிநேர ஆட்களுக்கு வியாழன் சம்பளம் மிச்சம், கிடங்கு வாடகை மிச்சம்.

அப்புறம் அந்த TQ. ‘நன்றி’ மூன்றே எழுத்து. TQ இரண்டு. இந்த ஒரு எழுத்தை மிச்சம் பிடித்து என்ன வீடா வாங்கப் போகிறீர்கள்?